பேட்டரி மாற்று நிலையம் போடுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

மின்சார ஸ்கூட்டர்களுக்குச் சார்ஜிங்கும் பேட்டரி மாற்றும் சேர்ந்த ஒரு சிறிய நிலையம் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "கேபினட் என்ன விலை?" அதைக் கடைசியில் கேட்டாலும் போதும். ஒரு நாளைக்கு எத்தனை பேர் பேட்டரி மாற்றுவார்கள் என்பதுதான் லாப நட்டத்தைத் தீர்மானிக்கிறது. பேட்டரியைச் சொருகிச் சார்ஜ் செய்யும் அறைகள், அதாவது ஸ்லாட்கள், பத்து உள்ள ஒரே ஒரு கேபினட்டை வைத்து அதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

விலைகள் இடத்துக்கு இடம் மாறும். அதனால் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையை 1 புள்ளி என்று வைத்துக்கொள்கிறேன். கீழே வரும் புள்ளிகளெல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்களுக்குக் கிடைக்கும் விலைகளை உங்கள் யூனிட் கட்டணத்தால் வகுத்து அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு மாற்றுக்கு எவ்வளவு மின்சாரம்?

நம் பேட்டரியின் கொள்ளளவு 1.5 யூனிட். யாரும் அதைச் சுத்தமாகத் தீர்த்துவிட்டு வருவதில்லை. 20 சதவீதம் மிச்சம் இருக்கும்போதே வந்துவிடுவார்கள். ஆக, ஒரு மாற்றில் நாம் விற்பது 1.2 யூனிட், அதாவது ஏறக்குறைய 40 கிலோமீட்டர் ஓட்டம். சார்ஜரிலும் பேட்டரியிலும் வெப்பமாகப் போவதையும் சேர்த்தால் மீட்டரில் 1.36 யூனிட் ஓடும். யாரும் வராத நாளிலும் கேபினட்டின் திரை, மோடம், விசிறி எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 2.4 யூனிட் தின்னும் என்று வையுங்கள்.

படி 2: உண்மையான உச்சவரம்பு

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். திரும்பி வந்த பேட்டரி சூடாக இருக்கும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது நல்லதல்ல என்பதால் கொஞ்சம் ஆறவிட வேண்டும். அப்புறம் 750 வாட் சார்ஜரில் ஏறி, கடைசிப் பகுதி மெதுவாக நிறைந்து முடிய, மொத்தம் இரண்டரை மணி நேரம் ஆகும். பழைய பேட்டரியை வாங்க ஒரு ஸ்லாட் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். மீதி 9 பேட்டரி. 24 மணி நேரத்தை இரண்டரையால் வகுத்து ஒன்பதால் பெருக்கினால் 86 மாற்று வரும். விற்பனையாளர் காட்டும் தாளில் பெரும்பாலும் இந்த எண்தான் இருக்கும்.

ஆனால் வண்டிகள் நாள் முழுக்கச் சீராக வருவதில்லை. மாலை நெரிசலில், இரண்டரை மணி நேரத்துக்குள், அன்றைய மாற்றுகளில் கால் பங்கு வந்துவிடுகிறது என்று வைப்போம். அந்த நேரத்துக்குள் முதலில் வாங்கிய பேட்டரிகூட நிறைந்திருக்காது. கையில் இருக்கும் 9 நிறை பேட்டரியைத்தான் கொடுக்க முடியும். கால் பங்கு ஒன்பது என்றால் முழு நாளுக்கு 36. நம் நிலையத்தின் நிஜமான உச்சவரம்பு இதுதான், 86 அல்ல.

படி 3: இடமும் இணைப்பும்

பத்து சார்ஜரும் ஒன்றாக ஓடினால் இழப்பையும் சேர்த்து ஒன்பது கிலோவாட் இணைப்புச் சுமை வேண்டும். இடம் பார்க்கும்போது வாடகைக்கு முன்பே மின்கம்பமோ விநியோகப் பெட்டியோ எவ்வளவு தூரம் என்று பாருங்கள். கேபிள் நீளமும் பள்ளம் தோண்டும் செலவும் சத்தமில்லாமல் பட்ஜெட்டைத் தூக்கிவிடும். மழைநீர் ஏறாத மேடை, நிழல், சரியான எர்த்திங், நாலாபுறமும் காற்றோட்டம் ஆகியவை கட்டாயம். வீடுகளுக்கு அடியிலோ, வெளியேறும் வழியிலோ கேபினட்டை வைக்காதீர்கள்.

கேபினட்டுக்கு 25,000 புள்ளியும் இணைப்பு, மேடை, கூரைக்கு 8,000 புள்ளியும் வைப்போம். ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 550. வாடகை, இணையம், காப்பீடு, பராமரிப்பு ஆளின் பங்கு 1,500.

பக்கத்திலேயே சாதாரண பிளக் பாயிண்ட் நாலு வைக்கலாமா? மக்கள் எப்படியும் இரண்டு மூன்று மணி நேரம் தங்கும் இடமாக இருந்தால் வையுங்கள். இல்லையென்றால் யாரும் சார்ஜுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

படி 4: மின்கட்டணத்தைப் பிரித்துப் படியுங்கள்

பில்லில் யூனிட்டுக்கான கட்டணம் ஒன்று. கிலோவாட்டுக்கு மாதாமாதம் வரும் நிலைக்கட்டணம் இன்னொன்று. பல இடங்களில் நேரத்துக்கேற்ப விலையும் மாறும். கிலோவாட்டுக்கு 20 புள்ளி நிலைக்கட்டணம் என்றால் நமக்கு மாதம் 180. ஒருவர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் இது மாறாது.

மாலை உச்ச நேரத்தில் யூனிட் விலை கூடுகிறதே, சார்ஜிங்கை இரவுக்குத் தள்ளலாமா? தள்ளினால் எட்டு பேட்டரியில், யூனிட்டுக்கு 0.2 வீதம், சுமார் 2 புள்ளி மிச்சம். அதனால் ஒரே ஒருவர் நிறை பேட்டரி கிடைக்காமல் திரும்பினால், ஒரு மாற்றுக்கு அவரிடம் வாங்கும் கட்டணம் 9 புள்ளி என்று வைத்தால், அதில் மின்சாரமும் பேட்டரித் தேய்மானமும் போக 5 புள்ளி நட்டம். எனவே கடைசி நெரிசல் அடங்கிய பிறகு வந்த பேட்டரிகளை மட்டும் இரவு விலைக்கு ஒதுக்குங்கள்.

படி 5: பேட்டரித் தேய்மானம்

ஒரு பேட்டரி 2,500 புள்ளி, ஆயிரம் முறை தாங்கும் என்றால் ஒவ்வொரு மாற்றுக்கும் 2.5 புள்ளி தேய்கிறது. மின்சாரச் செலவைவிட இது அதிகம்! கூடவே இன்னொன்று: சும்மா இருந்தாலும் பேட்டரி வயதாகும். நான்கு வருடத்தில் அது ஓய்ந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: எல்லாவற்றையும் சேர்ப்போம்

வாடிக்கையாளரிடம் 20 வண்டி, கேபினட்டில் 9. ஆக 29 பேட்டரி. 20 பேரும் வேலைக்குப் போய் வருபவர்கள் என்றால் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வருவார்கள். நாளைக்கு 10 மாற்று. மாத நிலையான செலவு 550, 1,500, 180 சேர்ந்து 2,230 புள்ளி; அது மாதத்தின் 300 மாற்றுக்குப் பிரியும்போது ஒன்றுக்கு 7.4. கேபினட் தானே தின்னும் மின்சாரத்தின் பங்கையும் சேர்த்து மின்சாரம் 1.6. நான்கு வருடத்தில் பேட்டரி பாதித் தடவைகூட ஓடாததால் தேய்மானம் 5. மொத்தம் 14 புள்ளி. கட்டணமோ 9.

அதே 20 பேரில் எட்டுப் பேர் தினம் 120 கிலோமீட்டர் ஓடும் டெலிவரிக்காரர்கள் என்று வையுங்கள். அவர்கள் மட்டும் 24 மாற்று, மற்றவர்கள் 6, ஆக 30. நிலையான செலவு 2.5, மின்சாரம் 1.44, தேய்மானம் 2.5, மொத்தம் 6.4 ஆக இறங்குகிறது. நடுவே சுமார் 17 மாற்றில் வரவும் செலவும் சமமாகும். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், டெலிவரிக்காரர்கள் ஆர்டருக்காகக் காத்து நிற்கும் இடத்தில் ஒரு வாரம் நின்று, உங்கள் பேட்டரி பொருந்தும் வண்டிகளை மட்டும் எண்ணுங்கள். பேட்டரி மாற்றும் வசதி கொண்ட கார்களுக்காக நிலையங்களைக் கட்டிய பெட்டர் பிளேஸ் நிறுவனம் 2013இல் திவாலானது. நிலையங்கள் தயாராக இருந்தன, போதுமான கார்கள்தான் வரவில்லை.

படி 7: தொடங்கிய பிறகு என்ன பார்ப்பது

மாற்றுகளின் எண்ணிக்கையோடு, வந்து நிறை பேட்டரி இல்லாமல் திரும்பியவர்களையும் தனியாகக் குறித்து வையுங்கள். இந்த எண் மாலை நெரிசலில் மட்டும் ஏறினால் கேபினட் போதவில்லை. வாடிக்கையாளர் கையில் இருக்கும் பேட்டரியைக் கூட்டினால் இது தீராது, ஸ்லாட் கூட வேண்டும். நாள் முழுக்க ஏறினால் ஏதோ பழுது. ஒரு ஸ்லாட் மட்டும் எப்போதும் தாமதமாக நிறைக்கிறதென்றால் அதன் இணைப்பு முள்ளைப் பாருங்கள்; பழுப்பேறி இருந்தால் தொடர்பு தளர்ந்து சூடாகிறது என்று பொருள். அந்த ஸ்லாட்டை அன்றே நிறுத்திவிட்டு முள்ளை மாற்றுங்கள். தாமதம் ஸ்லாட்டோடு நிற்காமல் பேட்டரியோடு சேர்ந்து இடம் மாறினால் கோளாறு பேட்டரியில். அதைச் சுழற்சியிலிருந்து எடுத்து, செல் தொகுதிகளின் வோல்ட்டேஜ் வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.