ஈன்ற பசு கன்றை நக்கும் முதல் ஒரு மணி நேரம்: நாம் செய்ய வேண்டியதும் விட வேண்டியதும்

கன்று தரையில் விழுந்த சில நிமிடங்களிலேயே பசு எழுந்து திரும்பி, முகம், கழுத்து, முதுகு, வயிறு, வாலடி என்று ஓரிடம் விடாமல் நக்கத் தொடங்குகிறது. அந்த நக்கலைத் துப்புரவு வேலை என்று மட்டும் எண்ணி, அதை நானே விரைவாகச் செய்து முடித்ததால் ஒரு கன்றைத் தாய் ஏற்க மறுத்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு கற்றுக்கொண்ட முறையை, முதன்முதலாக ஈற்றுக்குக் காத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: பசுவைத் தனியே விடுங்கள்

மடி இறுகி, வாலடி தளர்ந்ததும் பசுவை மற்ற மாடுகளிடமிருந்து பிரித்து, வழுக்காத தரையில் உலர்ந்த வைக்கோலை நிறையப் பரப்பிய இடத்தில் விடவும். பசு திரும்பிக் கன்றின் எந்தப் பக்கத்தையும் எட்ட வேண்டும் என்பதால், கயிற்றைக் குட்டையாகக் கட்டக்கூடாது.

படி 2: மூச்சை மட்டும் கவனியுங்கள்

கையுறை அணிந்துகொண்டு, மூக்கையும் வாயையும் மூடியிருக்கும் சவ்வையும் சளியையும் மட்டும் வழித்துவிடவும். கன்றின் நெஞ்சு தரையில் படிந்து, கால்கள் இரு பக்கமும் மடங்கியிருக்குமாறு உட்கார்த்தினால் இரண்டு நுரையீரல்களும் விரிய இடம் கிடைக்கும். மூச்சு தயங்கினால் வைக்கோல் தாளை நாசிக்குள் விட்டுக் கிளறினால் கன்று தும்மி மூச்சிழுக்கும். பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடும் பழக்கத்தை நான் முற்றிலும் கைவிட்டேன். அப்போது வடிவது பெரும்பாலும் வயிற்றிலிருந்து வரும் நீர், குடலின் எடையோ உதரவிதானத்தை அழுத்தி மூச்சை மேலும் கடினமாக்குகிறது.

இதன் பிறகு கன்றைப் பசுவின் மூக்கருகே இழுத்துவிட்டு, வேலிக்கு வெளியே வந்துவிட வேண்டும். சாதுவான பசுவும் இந்த நேரத்தில் முட்டக்கூடும்.

படி 3: ஈரத்தைத் துடைக்காதீர்கள்

நான் தவறியது இங்கேதான். அது தலையீற்றுப் பசு. நள்ளிரவில் ஈன்று களைத்துப் படுத்திருந்தது. கன்று நடுங்குவதைக் கண்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் அதை மூக்கு முதல் வால் வரை துடைத்து, உலர்த்தி, நாற்பது நிமிடங்கள் தனியே விளக்கின் அருகில் வைத்திருந்தேன். திருப்பிக் கொண்டுவந்தபோது பசு ஒருமுறை முகர்ந்தது, பின்வாங்கியது, கன்று மடியை நோக்கி நகர்ந்ததும் தலையால் தள்ளிவிட்டது.

நான் துடைத்து எடுத்தது பனிக்குட நீரை. ஈற்று நெருங்காத காலத்தில் பசுவை அதிகம் ஈர்க்காத அந்த நீரின் மணம், ஈன்ற நேரத்தில் அதை நிறுத்த முடியாதபடி இழுக்கிறது. இதன் காரணம் செம்மறி ஆடுகளில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்டுள்ளது. குட்டி வெளிவரும்போது கருப்பை வாயும் பிறப்புவழியும் விரிவடைவது நரம்புகள் வழியாக மூளைக்கு எட்டி, அங்கே ஆக்சிடோசின் சுரக்கிறது; மணத்தை உணரும் மூளைப்பகுதி அப்போது புதிய மணம் ஒன்றைப் பதியவைக்க ஆயத்தமாகிறது. பனிக்குட நீர் தாயைக் குட்டியிடம் இழுத்து வைத்திருக்க, நக்கி முகரும் அந்த நேரத்தில் அந்தக் குட்டிக்கே உரிய மணம் நினைவில் பதிகிறது. பசுவிலும் நடப்பதைப் பார்த்தால், வேலை இதே வழியில்தான் போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பதிவு எவ்வளவு விரைவானது என்பதற்கு, ஹட்சன், மல்லார்ட் ஆகிய இருவரும் 1977இல் வெளியிட்ட கறவைப் பசு ஆய்வு சான்றாகும். ஈன்றவுடன் 5 நிமிடங்கள் கன்றுடன் இருந்ததே பிணைப்பு உண்டாகப் போதுமானதாக இருந்தது. மாறாக, பிறந்தவுடன் கன்றைப் பிரித்து 5 மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது ஏறத்தாழப் பாதிப் பசுக்கள் அதை ஏற்கவில்லை. ஆகவே ஏதேனும் காரணத்தால் கன்றைப் பிரிக்க நேர்ந்தாலும், முதலில் தாய் அதை நக்கி முடிக்கட்டும்.

கன்று குளிரில் நடுங்குமே என்ற கவலை நியாயமானது. ஈரம் ஆவியாகும்போது உடற்சூட்டையும் எடுத்துச் செல்கிறது. ஆனால் அந்த ஈரத்தை நீக்குவதற்கே பசுவின் சொரசொரப்பான நாக்கு இருக்கிறது. அது ஒட்டிக்கிடக்கும் மயிரைக் கிளப்பி நிறுத்துகிறது. மயிர்களுக்கிடையே தங்கும் காற்று சூட்டைக் காக்கிறது. நாக்கின் அழுத்தம் மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் தூண்டி, கன்றை எழத் தூண்டுகிறது. வாலடியை நக்கும்போது கன்று முதல் சாணத்தையும் சிறுநீரையும் கழிக்கிறது. கடுங்குளிரிலோ கன்று மிகவும் சோர்ந்திருக்கும்போதோ உதவத்தான் வேண்டும் என்றால், முதுகையும் விலாவையும் மட்டும் தேய்த்து, தலையையும் வாலடியையும் தாய்க்கு விட்டுவிடுங்கள். இதற்கு மென்மையான துண்டைவிட ஒரு கைப்பிடி உலர் வைக்கோலே எனக்குப் பிடித்தது. நாக்கின் சொரசொரப்புக்கு அதுவே நெருக்கமானது, நனைந்த வைக்கோலைத் தாயின் முன்னாலேயே போட்டுவிடலாம்.

படி 4: பசு நக்காமல் நின்றால்

தலையீற்றுப் பசுக்களும், கடினமான பிரசவத்தில் களைத்தவையும் சற்றுத் தாமதிப்பதுண்டு. பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஆள் நடமாட்டமின்றி விட்டுப் பாருங்கள். பிறகும் அசையவில்லை என்றால், அன்று நான் செய்ததைச் செய்யலாம். பசு படுத்திருந்த இடத்தில் பனிக்குட நீரில் ஊறிய வைக்கோல் கிடந்தது. அதை எடுத்துக் கன்றின் தலை, முதுகு, வாலடி மீது நன்றாகத் தடவி, முதுகில் ஒரு பிடி உப்பைத் தூவினேன். பசு முட்டிவிடாதபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு கன்றை அதன் மூக்கருகே நிறுத்தினேன். முதலில் உப்புக்காக இரண்டு நக்கல், பிறகு நீண்ட முகர்தல். ஏறக்குறைய இருபது நிமிடங்களில், வாய் திறக்காமல் தொண்டையிலிருந்து வரும் அந்தத் தாழ்ந்த முனகல் கேட்டது. அந்த ஒலி வந்துவிட்டால் பசு கன்றை ஏற்றுக்கொள்கிறது என்று நான் கணிப்பேன். வேறொரு பசுவின் பனிக்குட நீரை மட்டும் எந்நாளும் பயன்படுத்தாதீர்கள். கருச்சிதைவு நோய்க் கிருமிகள் அதன் வழியே பரவக்கூடும்.

படி 5: சீம்பால்

பெரும்பாலான கன்றுகள் ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்று காம்பைத் தேடும். இரண்டு மணி நேரமாகியும் குடிக்கவில்லை என்றால், பாலைக் கறந்து புட்டியில் கொடுங்கள். 30 கிலோ எடையுள்ள கன்றுக்கு மூன்று லிட்டர் வரை வேண்டும். நோய் எதிர்ப்புப் புரதங்களைக் குடல் உறிஞ்சும் திறன் மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. பிணைப்புக்காகக் காத்திருந்து சீம்பாலைத் தாமதிக்கக் கூடாது.

பின்னர் சேர்த்தது

படி 1ஐ ஏன் அவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று கேட்ட வாசகர் ஒருவரின் கொட்டிலில், ஈனாத சினைப்பசு ஒன்று பக்கத்துப் பசுவின் கன்றை நக்கித் தன்னோடு வைத்துக்கொண்டதாம். ஈற்று நெருங்கிய பசுவையும் பனிக்குட நீரின் மணம் இழுக்கும். அது கன்றை நக்கி உலர்த்திவிட்டால், பெற்ற தாய்க்கு அதன் மணம் கிடைக்காமல் போகிறது. கன்று குடிப்பதோ அந்தப் பசு தன் கன்றுக்காகச் சேர்த்து வைத்திருக்கும் சீம்பாலை. உடனே பிரித்து, பெற்ற பசுவிடம் படி 4இன் முறையில் சேர்க்கச் சொன்னேன். ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்ததால் அந்தப் பசு கன்றை ஏற்றுக்கொண்டது.