சொன்ன வரிசையும் நடந்த வரிசையும்: வரலாற்றுக் குறிப்பைச் சுருக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கு மாலை நேரத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற வாரம் அவர்கள் எழுதி வந்த சுருக்கங்களைத் திருத்தியபோது, நான் படித்த காலத்தில் செய்த அதே பிழையைப் பாதிப் பேர் செய்திருந்தார்கள். எழுத்துப்பிழை, கையெழுத்து ஆகியவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

பேச்சாளர் சொன்ன வரிசையிலேயே எழுதுதல்

திப்பு சுல்தானைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டு எழுதிய சுருக்கங்கள் அவை. பல படங்களைப் போல அதுவும் முடிவிலிருந்தே தொடங்கியது. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு இறந்ததைக் காட்டிவிட்டு, பிறகு முந்தைய போர்களுக்குத் திரும்பியது. மாணவர்களின் குறிப்பில் முதல் வரி "1799, திப்பு மரணம்" என்றும், பல வரிகள் தள்ளி, ஆண்டு இல்லாமல், "அதன் பிறகு பாராமகால் கம்பெனிக்கு வந்தது" என்றும் இருந்தன. சுருக்கும்போது நடுவிலிருந்த வரிகளை நீக்கியதால், திப்பு இறந்த பிறகே நம் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கிய பாராமகால் கைமாறியது என்று ஆகிவிட்டது. நானும் ஒரு தேர்வில் இப்படியே எழுதி மதிப்பெண் இழந்தேன். இன்றும் அந்த வாக்கியத்தைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

உண்மையில் மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தபோதே பாராமகால் கம்பெனியிடம் சென்றது. உடன்படிக்கைக்கும் இறுதி வீழ்ச்சிக்கும் ஒரே ஊர்ப் பெயர் வருவதால் குழப்பம் கூடுகிறது. ஆகவே ஊருடன் காரன்வாலிஸ் (1792), வெல்லெஸ்லி (1799) என்று தலைமை ஆளுநரின் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன்.

இப்பிழையைச் சுருக்கத்துக்குள்ளேயே கண்டுபிடிக்க முடியும். 1792 முதல் கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாகத் தாமஸ் மன்றோவும் பாராமகாலில் நிலத்தை அளந்து வரி நிர்ணயித்தார்கள் என்று அதே தாளின் கீழே இருந்தது. தன் கைக்கு வராத மண்ணைக் கம்பெனி ஏழு ஆண்டுகள் எப்படி அளந்திருக்கும் என்று கேட்டதும், ஒரு மாணவி தானே அந்த "அதன் பிறகு" வரியை அடித்துத் திருத்தினார்.

ஆகவே தாளின் இடப்பக்கம் இரண்டு விரல் அகலம் விட்டு, ஒவ்வொரு வரிக்கும் அது நடந்த ஆண்டை அங்கே எழுத வேண்டும். "அதன் பிறகு", "அதற்குள்" போன்ற சொற்களை அடித்துவிட்டு, எதன் பிறகு என்பதைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். ஆண்டு தெரியாத வரிக்குக் கேள்விக்குறி இட்டுப் பாடநூலில் பார்க்க வேண்டும். அதன்பின் ஆண்டு வரிசையில் அடுக்கினால், நான்கு மைசூர்ப் போர்களும் முடிந்த 1769, 1784, 1792, 1799 என்று நான்கு நிறுத்தங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியங்கள் போதும்.

காரணத்தை விட்டுவிட்டு ஆண்டை மட்டும் வைத்தல்

1792 என்பதுடன் "பாதி நாடு போனது, ஆகவே ரீடு வந்தார்" என்றும் இருக்க வேண்டும்.

மறுவாரம் சுருக்குதல்

அன்று இரவே சுருக்கிவிடுங்கள். மறுவாரம் "அதன் பிறகு" என்பது எதைக் குறித்தது என்று உங்களுக்கே நினைவிருக்காது.