வாரக் கணக்கை களத்திலேயே முடித்தது

மேலூர்ப் பக்கம் இன்னொருவரின் ஒரு ஏக்கரை, விளைச்சலில் ஆளுக்குப் பாதி என்ற வாரத்துக்கு உழுதேன். உரமும் பாதிப் பாதி என்றுதான் பேச்சு. அறுவடை முடிந்ததும் நிலத்தை விட்டுவிடுவதாக முடிவானது. இயந்திர வாடகை போக களத்தில் 31 மூட்டை நெல் நின்றது. நிலக்காரர் உரத்துக்குப் போட்ட 6,000, எனக்குக் கைமாற்றாகத் தந்த 3,600 இரண்டையும் என் பங்கிலேயே பிடிக்கப் பார்த்தார். அப்படியானால் எனக்கு ஏழரை மூட்டைதான்.

"அண்ணே, உரம் பொதுச் செலவு, கைமாற்றுதான் என் கடன்" என்று பிரித்துச் சொன்னேன். அன்றைய வியாபாரி விலை மூட்டைக்கு 1,200 என்று முதலில் ஒத்துக்கொண்டோம். விலை பேசாமல் கடனை நெல்லாக மாற்றினால் சண்டைதான். உரத்துக்கு 5 மூட்டையை மொத்தக் குவியலிலிருந்து அவருக்கு எடுத்துவைத்தோம். மீதி 26, ஆளுக்கு 13. என் பதின்மூன்றில் கைமாற்றுக்கு 3 போக, 10 மூட்டை வீட்டுக்கு வந்தது.

வைக்கோலையும் அப்போதே பாதியாகப் பிரித்தோம். அதை மறந்துவிட்டுப் பிறகு முறைத்துக்கொள்பவர்கள் நிறைய. அப்புறம் மூட்டைக் கணக்கு, நிலம் ஒப்படைத்த தேதி, இருவருக்கும் பாக்கி இல்லை என்பதை இரண்டு தாளில் எழுதி, பக்கத்து வயல்காரர்கள் இருவர் சாட்சியாகக் கையெழுத்திட, ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம்.