ஒரே கூடம், இரண்டு காலம்: வேலூர்க் குறும்படம் ஒன்றுக்கு வண்ணம் அமைக்கும் செய்முறை

"கதை எண்பதுகளில் நடக்கிறது" என்று சொன்னதுமே படம் முழுவதும் மஞ்சளைப் பூசிவிடுவது குறும்பட உலகில் ஒரு வியாதியாகவே பரவியிருக்கிறது. எண்பதுகளில் வேலூர் மஞ்சளாக இருக்கவில்லை. அன்று எடுத்த வண்ணப் புகைப்படங்கள்தாம் இன்று பழுத்துப்போய் இருக்கின்றன. அக்காலத் திரைப்படப் பிரதிகளின் கதையும் அதுதான். அவற்றில் நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள் என மூன்று சாய அடுக்குகள் உண்டு. பெட்டிக்குள்ளேயே கிடந்தாலும் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் வெளுக்கும். மிஞ்சுவது சிவந்துபோன படம். நாம் "பழைய நிறம்" என்று நினைப்பது பிரதிக்கு ஆன வயதுதானே தவிர, அந்த ஆண்டின் நிறம் அல்ல.

காலத்தைச் சொல்லும் வேலையைச் சுவரும் கதவும் விளக்கும் துணியும் செய்ய வேண்டும். படம் எடுத்த பிறகு கணினியில் நிறத்தைத் திருத்தும் கலர் கிரேடிங், அவற்றைச் சேர்த்துக் கட்டும் வேலையைச் செய்தால் போதும். ஒரு கதையை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம்.

வேலூர் வேலப்பாடியில் ஒரு பழைய ஓட்டு வீடு. 1986 மே மாதம்: அப்பா ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக்குப் போகிறவர். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வீடு தயாராகிறது. 2016: அதே மகள், அம்மாவோடு பேசி வீட்டை விற்பதற்காக வந்திருக்கிறாள். இரண்டு காட்சிகளும் ஒரே கூடத்தில் நடக்கின்றன. எழுத்தில் ஆண்டைப் போடாமலே பார்ப்பவருக்குக் காலம் புரிய வேண்டும்.

படி 1: நிறங்களைத் தாளில் எழுதுங்கள்

கேமராவைத் தொடுவதற்கு முன், ஒவ்வொரு காலத்துக்கும் மூன்று நிறங்கள் மட்டும் எழுதுங்கள். 1986க்கு: நீலம் கலந்த சுண்ணாம்புச் சுவர், பச்சைக் கதவு, சிவப்பு ஆக்சைடு தரை. 2016க்கு: சந்தன நிற எமல்ஷன் சுவர், வெள்ளை பிளாஸ்டிக், சாம்பல்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கடந்த காலத்துக்குக் குளிர்ந்த சுவரைக் கொடுத்திருக்கிறோம். "பழையது என்றால் வெதுவெதுப்பு, புதியது என்றால் குளிர்ச்சி" என்ற சூத்திரம் இந்த ஊருக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். வேலூர் மே மாத வெயிலில் தெருவும் மொட்டைப் பாறைக் குன்றுகளும் கண் கூசும் வெள்ளையாகக் காயும்போது, நீலம் கலந்த சுவருள்ள கூடம்தான் நிழல். அந்த நீலம் வீட்டின் பாதுகாப்பைச் சொல்லும். முப்பது ஆண்டுகள் கழித்து அதே கூடத்தில் எந்த நிறமும் இன்னொன்றோடு மோதுவதில்லை. எல்லாம் வெளிறிய ஒரே குடும்பம். வீட்டில் இருந்த நிறம் வெளியேறிவிட்டது என்பதை வசனம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றுக்கு வெளியே ஒரே ஒரு நிறத்தை ஒதுக்கி வையுங்கள். இங்கே அது அம்மாவின் அரக்கு நிற ஆரணிப் பட்டு. 1986இல் உடுத்தியிருக்கிறாள், 2016இல் அது பீரோவிலிருந்து வெளியே வருகிறது. வேறு எந்தப் பொருளும் அரக்காக இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் குடம், காலண்டர், தலையணை உறை என்று எங்காவது அந்த நிறம் எட்டிப் பார்த்தால், உடனே அப்புறப்படுத்துங்கள்.

படி 2: சுவரும் எழுத்தும்

சுண்ணாம்பில் நீலம் கலக்கும்போது பொடி நீலத்தையே வாங்குங்கள். எல்லாச் சாயங்களும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் என்று நம்ப முடியாது. பொடியாக வரும் அல்ட்ராமரைன் தாங்கும். ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்பு ஊடுருவித் தெரியும் தன்மையோடு இருப்பதால் நீலம் அடர்த்தியாகத் தோன்றும். காய்ந்ததும் வெள்ளை ஏறி நிறம் மங்கும். ஒரு கைப்பிடி அகலத்துக்கு அடித்துவிட்டு, மறுநாள் காய்ந்த பிறகு கேமராவில் பார்த்து முடிவு செய்யுங்கள். தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குக் காவிப் பட்டை இழுத்தால் காலம் இன்னும் உறுதிப்படும்.

எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, உரிந்து வரும். அப்படிப்பட்ட வீடு கிடைத்தால், கேமராவில் விழும் ஒரு சுவரின் முன்னால் மட்டும் வண்ணமடித்த ஒட்டுப் பலகையை நிறுத்துவது செலவு குறைவு. சுண்ணாம்புச் சுவர் உள்ள வீடு என்றால் 1986ஐ முதலில் எடுத்துவிட்டுச் சுவரை மாற்றுங்கள். எதுவானாலும் வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

சுவிட்சுகளை மறக்காதீர்கள். மரப்பலகையில் கறுப்பு பேக்கலைட் சுவிட்சு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை மாடுலர் சுவிட்சு ஒன்று பளிச்சென்று தெரிந்தால், எந்தக் கிரேடிங்கும் காப்பாற்றாது. தெருக்காட்சி இருந்தால் ஃபிளெக்ஸ் பேனர் இருக்கக் கூடாது. அன்று பலகைகளில் கையால் எழுதிய எனாமல் எழுத்துகள்தாம். பலகையில் "வேலூர் மாவட்டம்" என்று எழுதிவிடாதீர்கள். 1986இல் அது வட ஆற்காடு மாவட்டம். 1989இல்தான் அது இரண்டாகப் பிரிந்தது.

படி 3: வேட்டியைத் தேயிலையில் நனையுங்கள்

கடையில் வாங்கும் புது வேட்டியில் வெண்மையூட்டி சேர்த்திருப்பார்கள். வெயிலில் அது நீலமாக ஒளிர்ந்து, படச்சட்டத்திலேயே பிரகாசமான பொருளாகிவிடும். அப்பாவின் மாநிற முகத்துக்கு வெளிச்சம் சரி செய்தால் வேட்டி வெறும் வெள்ளையாக வெடிக்கும். வேட்டிக்குச் சரி செய்தால் முகம் இருண்டுபோகும். தேயிலைத்தூளைக் கொதிக்க வைத்து வடிகட்டிய நீரில், நன்றாகத் தண்ணீர் கலந்து, வேட்டியைச் சில நிமிடங்கள் ஊற வைத்து அலசுங்கள். முதலில் ஓரத்துண்டில் சோதியுங்கள். காய்ந்த பிறகு நேரில் பார்த்தால் "அழுக்கு" என்று தோன்றும் அளவுக்குப் போய்விட்டால் அது அதிகம். பக்கத்தில் வெள்ளைத் தாளை வைத்தால் மட்டும் வித்தியாசம் தெரிகிறதா, அதுவே பதம். 2016 காட்சியில் நனைக்காத வெள்ளையையே பயன்படுத்துங்கள். அந்த வெறித்த வெண்மை அங்கே கதைக்கு உதவும்.

படி 4: விளக்கும் கேமராவும்

1986 இரவுக்குக் குண்டு பல்பு. அதன் நிற வெப்பநிலை ஏறத்தாழ 2700 கெல்வின். டிம்மர் போட்டு மின்னழுத்தத்தைக் குறைத்தால் இன்னும் செம்மஞ்சளாகும்; மாலையில் பல்பு மங்கி எரிந்த வீடுகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்த நிறம் உடனே புரியும். 2016க்குச் சுவரின் மேலே ஒற்றை எல்.இ.டி. பட்டை, 6500 கெல்வின். நிழலே இல்லாத தட்டையான ஒளி அது.

கேமராவில் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடவே கூடாது. விட்டால் கேமரா பல்பின் செம்மையை "தவறு" என்று எண்ணித் திருத்திக்கொண்டே இருக்கும். ஒரே ஷாட்டுக்குள் சுவரின் நிறம் மாறும். 1986 இரவுக்கு 4000 கெல்வின் என்று பூட்டினால், பல்பு வெதுவெதுப்பாகவும் வாசலில் விழும் அந்தி வெளிச்சம் நீலமாகவும் நிற்கும். 2016க்கு 5600. ஷட்டரை 1/50இல் வையுங்கள்; நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு துடிப்பது குறையும். ஒவ்வொரு ஒளியமைப்பிலும் நடிகரின் முகத்தருகே சாம்பல் அட்டையைப் பிடித்து ஒரு ஷாட் எடுத்துவிடுங்கள்.

படி 5: கிரேடிங்

DaVinci Resolve மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். அதில் திருத்தங்களை நோடு என்னும் கட்டங்களாக ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவோம். மூன்று நோடுகளே போதும், வரிசை முக்கியம்.

முதல் நோடில் சமன்படுத்துங்கள். மூன்று நிறங்களின் அளவைத் தனித்தனியாகக் காட்டும் Parade அளவுகோலைத் திறந்து, பகல் ஷாட்டுகளில் சாம்பல் அட்டை சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் ஒரே உயரத்துக்கு வருமாறு Gain, Gamma சக்கரங்களை நகர்த்துங்கள். பல்பு எரியும் இரவுக் காட்சியில் அட்டையை முழுச் சாம்பலாக்கினால், படி 4இல் சேமித்த செம்மை போய்விடும். அங்கே அட்டை ஷாட்டை ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நோடில் மனநிலை. 1986க்கு நிறச்செறிவைக் குறிக்கும் Saturation அளவை இயல்பான 50இலிருந்து 45க்கு இறக்கினால் போதும். கறுப்பைக் கறுப்பாகவே விடுங்கள். கறுப்பைத் தூக்கிச் சாம்பலாக்குவது மறுபடியும் பிரதியின் வயதைக் காட்டும் வேலைதான். 2016க்கு மாறுபாட்டைக் குறையுங்கள். மலிவான எல்.இ.டி. தோலில் பச்சை ஏற்றியிருக்கும். சிறிது மெஜந்தா கொடுத்தால் ரத்தம் திரும்பும். நிறச்சாயலை வட்டத்தில் காட்டும் Vectorscope அளவுகோலில் தோல் நிறக் கோட்டை இயக்கி வையுங்கள். மாநிறமோ கறுப்போ சிவப்போ, தோலின் நிறச்சாயல் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். வேறுபடுவது பிரகாசமும் செறிவும்தான். முகம் கோட்டைவிட்டு மஞ்சள் பக்கம் விலகியிருந்தால், நீங்களும் மஞ்சளைப் பூசிவிட்டீர்கள் என்று பொருள்.

மூன்றாம் நோடு மே மாதத்துக்கானது. கதை கோடையில் நடக்கிறது. படப்பிடிப்பு மழைக்குப் பிந்திய டிசம்பரில் என்றால் வாசலுக்கு வெளியே எல்லாம் பச்சைப் பசேல். ஒரு நிறச்சாயலை மட்டும் மாற்ற உதவும் Hue vs Hue வளைவில் பச்சையைப் பிடித்து வைக்கோல் நிறத்தை நோக்கி நகர்த்தலாம். 2000இல் வெளிவந்த "ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?" படத்துக்கு ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் இதைத்தான் செய்தார், மிசிசிப்பியின் பசுமை டிஜிட்டல் முறையில் காய்ந்த புழுதி நிறமானது.

நம் வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. வாசலுக்கு வெளியே இலை பச்சை, வாசற்கதவும் பச்சை. வளைவை நகர்த்தினால் கதவும் சேர்ந்து பழுக்கும். Qualifier கொண்டு இலையை மட்டும் பிரித்தெடுக்கலாம் என்றால், நிழலில் இருக்கும் இலையும் கதவும் ஒரே சாயலில் விழும்போது தேர்வின் விளிம்புகள் துடிக்கும். படத்தை ஓட்டிப் பார்த்தால்தான் அது தெரியும். கதவு அசையாத ஷாட்டில் Power Window ஒன்றை வரைந்து அதைக் காப்பாற்றலாம். கதவைத் திறந்துகொண்டு அப்பா உள்ளே வரும் ஷாட்டில் அதுவும் பாடுதான்.

இதற்கான தீர்வு கணினியில் இல்லை, பெயிண்ட் கடையில் இருக்கிறது. படி 1க்குத் திரும்பிப் போய், கதவுக்குப் புல்பச்சைக்குப் பதிலாக நீலம் ஏறிய மயில்பச்சை எனாமலைத் தேர்ந்தெடுங்கள். இலையின் பச்சை மஞ்சள் பக்கம், கதவின் பச்சை நீலப் பக்கம் என்று வளைவில் இரண்டும் தனித்தனி இடத்தில் நிற்கும். ஒன்றைத் தொடாமல் மற்றதை நகர்த்தலாம். கலை இயக்குநரும் கிரேடிங் செய்பவரும் படப்பிடிப்புக்கு முன்பே ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டியது இதற்காகத்தான்.

படி 6: சோதனை

இரண்டு காலத்திலிருந்தும் கூடத்தின் ஒரு சட்டத்தை எடுத்து அருகருகே வைத்து, கதை தெரியாத ஒருவரிடம் ஒலியில்லாமல் காட்டுங்கள். எது முந்தையது என்று கேளுங்கள். அவர் சுவரையோ சுவிட்சையோ பல்பையோ காட்டிப் பதில் சொன்னால் வேலை முடிந்தது. "இது கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறதே" என்று சொன்னால் இரண்டாம் நோடை அணைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். கைப்பேசியில் காட்டுவதாக இருந்தால் கண் பாதுகாப்பு முறையை முதலில் நிறுத்துங்கள். அது தன் பங்குக்கு ஒரு மஞ்சளைப் பூசும்.