பேஸ் கிடாருக்கு டிஐயும் மைக்கும்: கனம் கரையாமல் கலப்பது எப்படி?

பேஸ் கிடாரை நேரடியாக இன்டர்ஃபேஸில் செருகிப் பதிவு செய்தால், அதாவது டிஐ முறையில் எடுத்தால், ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்கும், ஆனால் ஒலி கொஞ்சம் காய்ந்துபோய் இருக்கும். ஆம்ப் முன்னால் மைக் வைத்தால் உறுமல் வரும், சதைப்பற்று வரும், கூடவே அறையின் கொழகொழப்பும் வந்துவிடும். சரி, இரண்டையும் எடுத்துச் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். சேர்த்ததும் கனம் கூடுவதற்குப் பதிலாகக் காணாமல் போகும். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

எனக்கும் அதுதான் நடந்தது. ஒரு பாட்டு முழுக்க மிக்ஸ் செய்து முடித்து, நண்பரின் காரில் போட்டுக் காட்டினேன். "பேஸ் வாசிச்சியா இல்லையா?" என்றார். வீட்டுக்கு வந்து டிஐ ட்ராக்கைத் தனியாகக் கேட்டால் நன்றாக இருந்தது. ஆம்ப் ட்ராக்கும் நன்றாக இருந்தது. இரண்டையும் சேர்த்தால் அடிப்பகுதி காலி. அந்தப் பதிவை எப்படிச் சரிசெய்தேன் என்பதையே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஒரே வாசிப்பு, இரண்டு வழி

பேஸிலிருந்து வரும் கேபிளை டிஐ பெட்டியில் செருகுங்கள். பெட்டியின் த்ரூ துளையிலிருந்து இன்னொரு கேபிள் ஆம்புக்குப் போகட்டும். பெட்டியின் எக்ஸ்எல்ஆர் வெளியீடு இன்டர்ஃபேஸின் முதல் உள்ளீட்டுக்கு, ஆம்ப் முன்னால் இருக்கும் மைக் இரண்டாவது உள்ளீட்டுக்கு. ஆக்டிவ் டிஐ பெட்டியில் பேட்டரி இல்லையென்றால் அதற்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் வேண்டும், பாசிவ் பெட்டிக்குத் தேவையில்லை. தனியாகப் பெட்டி இல்லாமல் ஆம்பின் பின்பக்கம் இருக்கும் டிஐ வெளியீட்டையே பயன்படுத்தினால், அதில் ப்ரீ, போஸ்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். ப்ரீயில் வையுங்கள். போஸ்டில் வைத்தால் ஆம்பின் டோன் குமிழ்களில் நீங்கள் செய்யும் மாற்றமெல்லாம் டிஐயிலும் ஏறிவிடும்.

எல்லாவற்றையும் இணைத்ததும் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் டிஐ பெட்டியின் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். அதற்காக ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றும் வேலை மட்டும் வேண்டாம், ஷாக் அடித்து உயிருக்கே ஆபத்தாக முடியும்.

படி 2: மைக்கும் அறையும்

கிடார் ஆம்புக்கு வைக்கும் சாதாரண டைனமிக் மைக்கே போதும். ஸ்பீக்கரின் நடுமூடிக்கும் ஓரத்துக்கும் இடையில் குறிபார்த்து வையுங்கள். நடுவுக்கு நேராக நகர்த்தினால் ஒலி கூர்மையாகும், ஓரத்துக்குப் போனால் மழுங்கும். நான் ஸ்பீக்கரிலிருந்து ஒரு அடி, அதாவது 30 செ.மீ. தள்ளி வைத்திருந்தேன். இந்த ஒரு அடி பின்னால் கணக்கில் வரும்.

'டிஐ தெளிவுக்கு, ஆம்ப் கனத்துக்கு' என்று பொதுவாகச் சொல்வார்கள். நல்ல ஸ்டூடியோவில் அது சரிதான். வீட்டு அறையில் நான் அதைத் தலைகீழாக்குவேன். பத்துக்குப் பத்து அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே நின்று முழங்கும் முதல் அலை ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸில் விழுகிறது. பேஸின் திறந்த ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். ஆகவே ஏ வாசிக்கும்போதெல்லாம் அறை சேர்ந்து முழங்கும், இரண்டு ஃப்ரெட் தள்ளினால் அடங்கிவிடும். மைக் இந்த ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தே பிடிக்கிறது. டிஐக்கு அறை என்ற ஒன்றே கிடையாது. அதனால் சின்ன அறையில் அடிக்கனத்தை டிஐ சுமக்கட்டும், ஆம்ப் நடுப்பகுதியின் உறுமலைத் தரட்டும்.

படி 3: முதலில் ஒரு 'டக்'

பாட்டு தொடங்கும் முன், இடது கையால் தந்திகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஒருமுறை 'டக்' என்று தட்டுங்கள். திரையில் இரண்டு ட்ராக்கையும் ஒப்பிட அது அடையாளக்கல். இரண்டு உள்ளீடுகளிலும் உச்சம் -12 டெசிபலைச் சுற்றி இருந்தால் போதும்.

படி 4: போலாரிட்டி

போலாரிட்டி தலைகீழாக இருந்தால் ஒரு ட்ராக்கில் அலை மேலே ஏறும் நேரத்தில் மற்றதில் கீழே இறங்கும். கூட்டினால் ஒன்றையொன்று தின்றுவிடும். இரண்டு ட்ராக்கையும் பானில் நடுவில் வைத்து, காதுக்கு ஒரே அளவாகக் கேட்கும்படி ஃபேடரை நிறுத்துங்கள். தாழ்ந்த சுரங்கள் வரும் இடத்தை ஓட விட்டு, ஆம்ப் ட்ராக்கில் போலாரிட்டியைத் திருப்பும் Ø பொத்தானை மாற்றி மாற்றி அழுத்துங்கள். எந்த நிலையில் அடிப்பகுதி கனமாக இருக்கிறதோ, அதுதான் சரியான நிலை.

நான் அழுத்தியதும் பேஸ் திரும்பி வந்தது. காரணத்தைத் தேடிப் பார்த்தால், மைக் கேபிளை நானே சால்டர் செய்தபோது ஒரு முனையில் 2, 3 பின்களை மாற்றிப் போட்டிருக்கிறேன். அந்த கேபிளில் எதைப் பதிவு செய்தாலும் தலைகீழ்தான். ஒற்றை மைக் பதிவில் இது காதுக்குத் தெரியாது, இரண்டாவது ட்ராக் வந்து சேரும்போதுதான் வெளியே வரும்.

படி 5: நேரம்

கனம் வந்துவிட்டது, ஆனால் பேஸின் ஒலியில் ஒரு பொள்ளல் இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி. இது போலாரிட்டி இல்லை, தாமதம். டிஐ சிக்னல் கம்பி வழியே உடனே வந்துவிடுகிறது. ஆம்பின் ஒலியோ அந்த ஒரு அடியைக் காற்றில் கடந்துதான் மைக்குக்கு வரவேண்டும். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர்.

```
0.30 மீ ÷ 343 மீ/வி = 0.875 மில்லிவினாடி
0.875 × 48 = 42 சாம்பிள் (48 kHz பதிவில்)
```

ஒரு மில்லிவினாடிகூட இல்லையே, இதற்கா இவ்வளவு என்று கேட்கலாம். 570 ஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு முழுச் சுற்று ஏறக்குறைய 1.75 மில்லிவினாடி. அதில் சரிபாதி தாமதமானால் அந்த அலை தலைகீழாக வந்து சேரும், அங்கே ஒரு பள்ளம் விழும். திறந்த ஈ தந்தியின் 41 ஹெர்ட்ஸுக்கோ முழுச் சுற்று 24 மில்லிவினாடி. அதற்கு இந்தத் தாமதம் தூசு. இதை வைத்தே நோயைப் பிரித்துவிடலாம்: மைக் கிட்டத்தில் இருந்தும் அடிப்பகுதி காணாமல் போயிருந்தால் முதலில் போலாரிட்டியைச் சந்தேகியுங்கள். அடி இருந்து நடுப்பகுதி பொள்ளலாக இருந்தால் நேரத்தைப் பாருங்கள். நம் ஊரில் இந்தச் சங்கதியைப் பேசும்போது பேஸ் எது, ஃபேஸ் எது என்று இன்னொரு குழப்பமும் உண்டு, அதற்கு என்னிடம் மருந்தில்லை.

சரிசெய்வது சுலபம். மென்பொருளில் கட்டங்களோடு ஒட்டவைக்கும் ஸ்னாப்பை அணைத்துவிட்டு, அந்த 'டக்' இருக்கும் இடத்தை நன்றாகப் பெரிதாக்குங்கள். ஆம்ப் ட்ராக்கின் அலை டிஐக்குச் சற்றுப் பின்னால் தொடங்கும். ஆம்ப் ட்ராக்கை இடப்பக்கம் நகர்த்தி இரண்டின் தொடக்கத்தையும் ஒன்றாக்குங்கள். டிஐயை நகர்த்த வேண்டாம், ட்ரம்ஸோடு சேர்ந்து வாசித்த நேரம் அதில்தான் அப்படியே இருக்கிறது. ஆம்ப் டிஜிட்டல் வகையாக இருந்தால் அதன் உள்ளே ஆகும் தாமதமும் சேர்ந்து இடைவெளி பெரிதாக இருக்கும்.

கண்ணால் பார்த்து முழுதாகப் பொருத்த முடியாது. டிஐயில் 'டக்' ஊசிமாதிரி ஏறும், ஸ்பீக்கரைத் தாண்டி வந்தது மழுங்கலாக ஏறும், எது தொடக்கம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால் கடைசி ஓரிரண்டு சாம்பிளுக்கு ஒரு தந்திரம்: ஆம்பின் Ø பொத்தானை வேண்டுமென்றே தவறான நிலைக்கு மாற்றுங்கள். இப்போது ஒலி எந்த இடத்தில் மிக மெலிந்துபோகிறது என்று ஒவ்வொரு சாம்பிளாக நகர்த்திப் பாருங்கள். மிக மெலிந்த இடம் கிடைத்ததும் பொத்தானைப் பழையபடி மாற்றுங்கள். கனமான இடத்தைத் தேடுவதைவிட ஒல்லியான இடத்தைக் காது சீக்கிரம் கண்டுபிடிக்கும். எனக்கு 45 சாம்பிளில் நின்றது, கணக்கில் வந்ததைவிட மூன்று கூட.

படி 6: வேலையைப் பிரித்துக் கொடுங்கள்

ஆம்ப் ட்ராக்கில் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் போட்டு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை இறக்குங்கள். அறையின் முழக்கம் அதோடு குறையும். செங்குத்தான சரிவு வேண்டாம், ஆக்டேவுக்கு 6 டெசிபல் போதும். சாதாரண ஃபில்டர் தாழ்ந்த அலைகளின் ஃபேஸையும், அதாவது அலை தன் சுற்றில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும், கொஞ்சம் திருப்பிவிடும், சரிவு செங்குத்தாக ஆக அது அதிகமாகும். படி 5இல் உட்கார்ந்து பொருத்தியதை இது லேசாகக் கலைக்கும். எனவே ஃபில்டர் போட்டபின் Ø பொத்தானை இன்னொரு முறை தட்டிப் பாருங்கள்.

டிஐயில் அடியைத் தொடாதீர்கள். விரல் படும் 'கிளிக்' சத்தம் உறுத்தினால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கொஞ்சம் மழுக்குங்கள்.

படி 7: கலவை

ஆம்ப் ஃபேடரை முழுக்க இறக்கிவிடுங்கள். டிஐயை மட்டும் ட்ரம்ஸோடு ஓட விட்டு, கிக்கோடு பொருந்தும் அளவில் நிறுத்துங்கள். அப்புறம் ஆம்பை மெதுவாக ஏற்றுங்கள். ஆம்ப் தனியாக 'கேட்க' ஆரம்பித்தால் ஏறிவிட்டது என்று பொருள். அதை மியூட் செய்தால் பாட்டு திடீரென்று வெளிறிப்போக வேண்டும், திறந்தால் ஆம்ப் இருப்பதே கவனத்துக்கு வரக்கூடாது. என் பாட்டில் ஆம்ப், டிஐயைவிட 6 டெசிபல் கீழே நின்றது.

பிறகு கைப்பேசி ஸ்பீக்கரில் கேளுங்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைத் தர முடியாது. அதில் உங்களுக்குக் கேட்கும் பேஸ், சுரத்தின் மேல் ஹார்மோனிக்ஸ்தான். அவற்றில் பெரும்பங்கு ஆம்பின் உறுமலிலிருந்து வருவது. கைப்பேசியில் பேஸ் எந்தச் சுரத்தில் நடக்கிறது என்று தெரியாவிட்டால் ஆம்பில் 700 ஹெர்ட்ஸைச் சுற்றி 2 டெசிபல் ஏற்றிப் பாருங்கள். டிஐயை ஏற்றினால் கைப்பேசியில் பெரிதாக மாறாது, காரில்தான் இடிக்கும்.

கம்ப்ரெஸரைத் தனித்தனியாகப் போடாமல் இரண்டு ட்ராக்கையும் ஒரே பஸ்ஸில், அதாவது பொதுவான ஒரு சேனலில் சேர்த்து அதில் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் ஓங்கி வாசிக்கும்போது ஒரு ட்ராக் கூடவும் மற்றது குறைவாகவும் அமுங்கி, பாடுபட்டு அமைத்த கலவை சுரத்துக்குச் சுரம் மாறும். 4:1 விகிதம், 25 மில்லிவினாடி அட்டாக், 3 முதல் 5 டெசிபல் வரை அமுக்கினால் போதுமானது.

இவ்வளவுக்குப் பிறகும் என் அறையில் ஏ சுரம் முழங்கியது. டிஐயிலும் 55 ஹெர்ட்ஸை வெட்டப் போய்விட்டேன். வெட்டுவதற்கு முன் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டால் எல்லாச் சுரமும் ஒரே சீராக இருந்தது. முழங்கியது பதிவு இல்லை, நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அதே பத்துக்குப் பத்து அறை.