டி.சி.யில் பெயர் பிழையா? பள்ளி அலுவலகத்துக்கு இப்படிக் கடிதம் எழுதுங்கள்

திருநெல்வேலிப் பக்கம் இசக்கி, முப்புடாதி, சுடலை என்று பெயர் வைத்தவர்களுக்கு ஆங்கில எழுத்தில்தான் சிக்கல் வரும். ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பள்ளியில் படித்த ஒரு பெண் இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறாள். கையில் இருப்பது மாற்றுச் சான்றிதழின் ஸ்கேன் மட்டும், ஒரிஜினல் வீட்டு பீரோவில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் ஆதாரிலும் ESAKKIAMMAL M என்று இருக்க, டி.சி.யில் மட்டும் ESAKIAMMAL M. ஒரு K குறைகிறது.

முதலில் ஸ்கேனைப் பெரிதாக்கிப் பாருங்கள். பள்ளி முத்திரை பெயர்மேல் விழுந்திருந்தாலோ தாளின் மடிப்பு எழுத்தின் மேல் ஓடியிருந்தாலோ, இருக்கிற எழுத்தும் இல்லாதது போலத் தெரியும். சந்தேகம் இருந்தால் வீட்டில் யாரிடமாவது சொல்லி, ஒரிஜினலில் அந்த வரியை மட்டும் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தமிழிலும் பெயர் இருந்தால் அதையும் தனியாகப் பாருங்கள். தமிழில் சரியாக இருந்து ஆங்கிலத்தில் மட்டும் பிழை என்றால், கடிதத்தில் அப்படியே சொல்ல வேண்டும். இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது வேறு விஷயம், இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

அடுத்து, டி.சி.யின் வரிசை எண், சேர்க்கை எண், கொடுத்த தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இதில் சேர்க்கை எண்தான் உயிர். எழுத்தர் அதை வைத்துத்தான் சேர்க்கைப் பதிவேட்டில் உங்கள் பக்கத்தைத் திறப்பார். 3 என்றும் 8 என்றும் படிக்கிற மாதிரி மங்கலாக இருந்தால் ஊகித்து எழுதாதீர்கள். வேறு ஒரு பிள்ளையின் பக்கம் திறந்துவிடும்.

பதிவேட்டில் பெயர் சரியாக இருந்து டி.சி. எழுதும்போது மட்டும் தவறியிருந்தால், பள்ளி அளவிலேயே சரிசெய்யலாம். பதிவேட்டிலேயே பிழை என்றால் கூடுதல் ஆவணங்கள் கேட்பார்கள். அதனால் கடிதத்தின் மையம் ஒரே வேண்டுகோள்: பதிவேட்டோடு ஒப்பிட்டுத் திருத்தித் தாருங்கள். மதிப்பெண் பட்டியலிலும் இதே பிழை இருந்தால், அதைத் தந்தது அரசுத் தேர்வுகள் இயக்ககம். அதற்குத் தலைமை ஆசிரியர் வழியாகத் தனி விண்ணப்பம் போட வேண்டும், இந்தக் கடிதத்தில் சேர்க்காதீர்கள்.

வேலையை எழுத்தர் பார்த்தாலும் கையெழுத்து தலைமை ஆசிரியருடையது. பெறுநராக அவரையே போடுங்கள். கீழே உள்ள எண்களும் தேதியும் மாதிரிக்கு:

> அனுப்புநர்: மு. இசக்கியம்மாள், (முகவரி, செல்போன் எண்)
>
> பெறுநர்: தலைமை ஆசிரியர் அவர்கள், (பள்ளியின் பெயர், ஊர்)
>
> பொருள்: மாற்றுச் சான்றிதழில் பெயரின் ஆங்கில எழுத்துப் பிழையைத் திருத்தித் தர வேண்டுதல் தொடர்பாக.
>
> மதிப்பிற்குரிய அம்மா,
>
> நான் தங்கள் பள்ளியில் 2012 முதல் 2019 வரை படித்தேன். எனது சேர்க்கை எண் 1187. எனக்கு 03.06.2019 அன்று வழங்கப்பட்ட மாற்றுச் சான்றிதழில் (வரிசை எண் 046) என் பெயர் ஆங்கிலத்தில் ESAKIAMMAL M என்று உள்ளது. ESAKKIAMMAL M என்பதே சரி. தமிழில் பெயர் சரியாக உள்ளது.
>
> சேர்க்கைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுத் திருத்திய சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அசல் சான்றிதழை நேரில் ஒப்படைக்கிறேன்.
>
> இணைப்பு: 1. மாற்றுச் சான்றிதழ் நகல் 2. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் நகல் 3. ஆதார் நகல்
>
> இடம், நாள்
> இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள,
> (கையொப்பம்)

பிழையான பெயரைச் சான்றிதழில் உள்ளபடியே எழுத்தெழுத்தாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள். “பெயர் தவறாக உள்ளது” என்று மட்டும் எழுதினால் எந்த எழுத்து என்று அவர்களே தேட வேண்டும். செல்போனில் டைப் செய்தால் அது தானாகவே ஒரு K சேர்த்துவிடலாம், அனுப்பும் முன் ஒரு தடவை பாருங்கள். யார் தவறு என்ற பேச்சே கடிதத்தில் வேண்டாம். வேலைக்குச் சேர ஒரு தேதிக்குள் வேண்டும் என்றால் அந்தத் தேதியை ஒரு வரியில் சொல்லுங்கள், போதும்.

நகலில் தவறான எழுத்தைப் பென்சிலால் வட்டமிடலாம். ஒரிஜினலில் மட்டும் எதையும் செய்யாதீர்கள். நீங்களே ஒரு K போட்டால் அது சான்றிதழைத் திருத்திய குற்றமாகப் போகும்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து நேரில் கொடுப்பது நல்லது. அலுவலகத்தில் முதல் கேள்வியே “ஒரிஜினல் கொண்டாந்திருக்கியளா?” என்பதாகத்தான் இருக்கும். ஒப்படைக்கும் முன் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, உங்கள் பிரதியில் “அசல் பெற்றுக்கொண்டோம்” என்று தேதி, முத்திரையோடு எழுதி வாங்குங்கள். வர முடியாதவர்கள் கடிதத்தையும் நகல்களையும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டு, போனில் கேட்டுக்கொண்டு ஒரிஜினலை வீட்டார் மூலம் பள்ளியில் கொடுத்துவிடலாம்.

அப்புறம், புதுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். திரும்ப எழுதும்போது பிறந்த தேதியோ அப்பா பெயரோ மாறிவிடலாம், அதனால் பெயரை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். பழைய தாளிலேயே பேனாவால் திருத்தியிருந்தால், திருத்தத்துக்குப் பக்கத்தில் தலைமை ஆசிரியரின் கையொப்பமும் பள்ளி முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.