தினமும் சமைக்க எந்த எண்ணெய்? தேங்காய்ப்பாலையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்போம்

அப்பாவின் இரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்திரோல் கூடுதலாக வந்ததும், எண்ணெயை மாற்றச் சொல்லி டொக்டர் அனுப்பிவிட்டார். எந்த எண்ணெய்க்கு மாறுவது என்பதை நாங்களேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எங்கள் உப்புவெளி வீட்டில் போட்டுப் பார்த்த கணக்கைப் படிப்படியாக எழுதுகிறேன். ஏற்கெனவே இதய வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் டொக்டரின் சொல்லையே முதலில் கேளுங்கள்.

படி 1: மூன்று கொழுப்பும் எங்கே வேறுபடுகின்றன

எந்த எண்ணெயிலும் கொழுப்பமிலங்கள் நீளமான காபன் சங்கிலிகளாக இருக்கின்றன. நிரம்பிய கொழுப்பில் இந்தச் சங்கிலி நேராக இருக்கும். நேரான ஈர்க்குகளைக் கட்டினால் நெருக்கமாக அடங்குமே, அப்படி அடங்குவதால் சீக்கிரம் உறைகிறது. நிரம்பாத கொழுப்பில் இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் சங்கிலி வளைந்துவிடும். நெருங்கி அடங்க முடியாததால் அது திரவமாகவே நிற்கிறது.

ட்ரான்ஸ் கொழுப்பிலும் இரட்டைப் பிணைப்பு உண்டு, ஆனால் சங்கிலி வளைவதில்லை. திரவ எண்ணெயைக் கெட்டியாக்கத் தொழிற்சாலையில் ஐதரசன் ஏற்றும்போது, வேலையை அரைகுறையாக நிறுத்தினால் இது நிறைய உருவாகும். நிரம்பிய கொழுப்பு எல்.டி.எல்.லைக் கூட்டும். ட்ரான்ஸ் அதைக் கூட்டுவதோடு நல்லதான எச்.டி.எல்.லையும் குறைக்கும். அதனால்தான் மூன்றிலும் மோசமானது அது.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டிலும் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் கிளாஸ்களில் ஊற்றி பிரிட்ஜில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் வெள்ளைக் கட்டியாகிவிடும், சூரியகாந்தி தெளிவாகவே இருக்கும். பாம் எண்ணெய் கலங்கி அடியில் படியும். தேங்காய் எண்ணெய் உறைவது ஏறத்தாழ 24 பாகையில். நம் ஊர் வெக்கையில் அது எப்போதும் தண்ணீர் மாதிரியே நிற்பதால், "உறையாத எண்ணெய்தானே" என்று இங்கே பலர் நம்பிவிடுகிறார்கள். அதே போத்தல் நுவரெலியாவில் கட்டியாகத்தான் இருக்கும்.

படி 2: லேபலில் எதைப் பார்ப்பது

என் நேரத்தை அதிகம் தின்றது இந்தப் படிதான், அதனால் ஆறுதலாக எழுதுகிறேன். போத்தலின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "கொலஸ்திரோல் அற்றது" என்று போட்டிருப்பார்கள். அதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. கொலஸ்திரோல் விலங்குணவில் வருவது, தாவர எண்ணெய் எதிலும் அது சொல்லும்படியாக இருப்பதில்லை. தேங்காய் எண்ணெய், பாம், சூரியகாந்தி எல்லாவற்றிலுமே அந்த வாசகத்தை அச்சிடலாம், அது பொய்யும் இல்லை. ஆனால் நம் இரத்தத்தில் எல்.டி.எல்.லைக் கூட்டுவதில் பெரிய பங்கு நாம் உண்ணும் நிரம்பிய கொழுப்புக்குத்தான். அதைப் பற்றி அந்த வாசகம் ஒன்றுமே சொல்வதில்லை.

போத்தலைத் திருப்பி, பின்பக்கச் சிறிய அட்டவணையில் "சச்சுரேட்டட்", அதாவது நிரம்பிய கொழுப்பு, என்ற வரியைத் தேடுங்கள். அடுத்து அளவைப் பாருங்கள். ஒரு கம்பனி 100 கிராமுக்குப் போடும், இன்னொன்று 100 மில்லிலீற்றருக்கு, வேறொன்று ஒரு மேசைக்கரண்டிக்கு. 100 மில்லி எண்ணெயின் எடை ஏறத்தாழ 92 கிராம். மேசைக்கரண்டிக் கணக்கு என்றால் 7 ஆல் பெருக்குங்கள், 100 கிராமுக்கு கிட்டத்தட்ட வந்துவிடும்.

100 கிராமில் நிரம்பிய கொழுப்பு தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 85 கிராம். பாமில் 40 முதல் 50, சோயாவிலும் நல்லெண்ணெயிலும் 15 அளவில், சூரியகாந்தியில் 10, 11.

படி 3: வீட்டுக் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் சொல்வது, நிரம்பிய கொழுப்பு ஒரு நாள் சக்தியில் 10 வீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 22 கிராம். ட்ரான்ஸ் 1 வீதத்துக்குள், அதாவது 2 கிராம் அளவு.

நான்கு பேர் உள்ள வீடு, மாதம் 2 லீற்றர் தேங்காய் எண்ணெய் என்று வையுங்கள். 1840 கிராமை 30 நாளுக்கும் நான்கு பேருக்கும் பிரித்தால் தலைக்கு 15 கிராம். அதில் நிரம்பியது 13.

22க்கு இன்னும் இடம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் சொதிக்கும் மீன்குழம்புக்கும் தினமும் பிழியும் அரைத் தேங்காயை மறக்கக் கூடாது. பாலோடு 35 கிராம் அளவு கொழுப்பு வரும், தலைக்கு நிரம்பியது 8 கிராம். கூட்டினால் 21. பால்மா தேநீர், முட்டை, இறைச்சி, பிஸ்கற் எதுவும் இன்னும் சேரவில்லை.

இப்போது அந்த 2 லீற்றரில் ஒரு லீற்றரை மட்டும் நல்லெண்ணெய் ஆக்குங்கள். எண்ணெயிலிருந்து வருவது 13இலிருந்து ஏழரைக்கு இறங்கும், மொத்தம் பதினைந்தரை. சொதியை விடவே வேண்டாம். எண்ணெயைத் தேங்காய்ப்பாலோடு சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். தேங்காய்ப்பாலே சேர்க்காத ஒரு வீட்டில் இதே கணக்கு வேறு விடை தரும்.

படி 4: எதற்கு எது

தாளிக்க, வதக்க, தோசைக்கு எங்கள் வீட்டில் நல்லெண்ணெய். அதன் மணம் பொருந்தாத மரக்கறிகளுக்குச் சூரியகாந்தி. கடைசியில் மணத்துக்காக ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விடுவதில் தவறே இல்லை.

பொரிப்பது வேறு விஷயம். சூரியகாந்தியில் இரட்டைப் பிணைப்புகள் அதிகம், திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அவை ஒட்சியேறி எண்ணெய் சீக்கிரம் கெட்டுவிடும். சூடை மீன் பொரிக்கத் தாச்சி நிறைய ஊற்றாமல், அடி மூடுமளவு ஊற்றித் திருப்பிப் போடுங்கள், மிச்சமே வராது. மிச்சம் வந்தால் நிறம் கறுத்திருக்கிறதா, நுரை அடங்காமல் நிற்கிறதா, முன்னைவிடச் சீக்கிரம் புகைகிறதா, தாச்சி ஓரம் பிசுபிசுக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

பின்னர் சேர்த்தது: பழைய எண்ணெயைக் காய்ச்சினால் ட்ரான்ஸ் ஆகிவிடுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வீட்டுச் சூட்டில் உருவாகும் ட்ரான்ஸ் சொற்பம். பழைய எண்ணெயின் கேடு ஒட்சியேறிய பொருட்களால் வருவது. ட்ரான்ஸைத் தேட வேண்டிய இடம் கட்டி மாஜரின், வனஸ்பதி, அவற்றில் செய்த பற்றீஸ், பிஸ்கற், கிறீம். சேர்மானப் பட்டியலில் "பார்ஷலி ஹைட்ரஜனேட்டட்", அதாவது அரைகுறையாக ஐதரசன் ஏற்றியது, என்று இருந்தால் நான் வாங்குவதில்லை, ட்ரான்ஸ் பூச்சியம் என்று முன்னால் போட்டிருந்தாலும் சரி. சில நாட்டு விதிகளில் ஒரு பரிமாறலுக்கு அரைக் கிராமுக்குக் குறைந்தால் பூச்சியம் என்றே எழுதலாம்.

இன்னொன்று: செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய்க்கு இது பொருந்தாது என்று ஒருவர் எழுதினார். செக்கில் ஆட்டினால் மணமும் சில நுண்பொருட்களும் தங்கும், உண்மைதான். கொழுப்பமில அளவு மாறுவதில்லை, அதே 85தான். 2020இல் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லை டெசிலீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவு கூட்டியது தெரிந்தது. எச்.டி.எல்.லும் 4 அளவில் கூடியது. லேபல் இல்லாமல் போத்தலில் அளந்து வாங்குபவர்களும் படி 2இல் உள்ள எண்களையே வைத்துக் கணக்குப் போடலாம்.